அப்பாவின் சமையல் நோட்டு அச்சுக்குப் போகும் வழி

தொழில்முறைச் சமையல்காரர் ஒருவர் தன் கைப்பட எழுதிவைக்கும் நோட்டு, கடையில் விற்கும் சமையல் புத்தகத்தைப் போன்றதல்ல. புத்தகம் சமைக்கத் தெரியாதவருக்காக எழுதப்படுகிறது. நோட்டோ சமைக்கத் தெரிந்தவர் தனக்கே எழுதிக்கொள்ளும் குறிப்பு. மறந்துபோகக்கூடிய அளவுகள் மட்டுமே அதில் இருக்கும். கை தானாகச் செய்யும் வேலை எதையும் அவர் எழுதியிருக்க மாட்டார். எழுதியவர் இறந்தபின் அந்த நோட்டை மகன் கண்டெடுத்து வெளியிட நினைக்கும்போது எழும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

திருநெல்வேலிப் பக்கம் கல்யாணச் சமையல் செய்பவரைத் தவசுப்பிள்ளை என்பார்கள். அப்படிப்பட்ட ஒருவரின் நோட்டை மாதிரியாக வைத்துக்கொண்டு, அது அச்சேறும் வரையுள்ள படிகளைப் பார்க்கலாம். 1970-களில் கையாளாக வேலைக்குச் சேர்ந்து, பிறகு தனியாகப் பந்திக்குப் பொறுப்பேற்றவர் அவர். அவருடைய மகன் இளைஞர். சமையல் தொழிலுக்கு வராதவர். அப்பா போனபின் பாத்திரங்களை ஒதுங்கவைக்கும்போது, மளிகைப் பட்டியல்களுக்கு நடுவே நீள நோட்டு ஒன்று அவருக்குக் கிடைக்கிறது.

முதலில் தாளைக் காப்பாற்றுவது

அடுக்களையில் புழங்கிய நோட்டில் எண்ணெய்க் கறையும் மஞ்சள் கறையும் இருக்கும். ஓரங்கள் நொறுங்கும். தையல் விட்டிருக்கும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டுவதும் பக்கங்களை லேமினேஷன் செய்வதும் பலரும் செய்யும் தவறுகள். டேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுத்து, எழுத்தின் மேலேயே மஞ்சள் பட்டையாகப் படியும். லேமினேஷன் செய்த தாளைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது. தளர்ந்த பக்கங்களை வந்த வரிசையிலேயே எண்ணிட்டு, அமிலமில்லாத தாள் உறையில் வைத்தாலே போதும். எண்ணைப் பென்சிலால், ஓரத்தில் எழுத வேண்டும்.

அடுத்த வேலை ஸ்கேன் எடுப்பது. மங்கிய எழுத்துக்கு 600 டி.பி.ஐ. அளவில், கறுப்பு வெள்ளையாக இல்லாமல் வண்ணத்தில் எடுக்க வேண்டும். மஞ்சள் கறையும் நீல மையும் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். வண்ணப் படத்தில் அவற்றைப் பிரித்தறியலாம். காலிப் பக்கங்கள், அட்டையின் உள்பக்கம், இடையில் செருகிய சீட்டுகள் ஆகியவற்றையும் விடக் கூடாது. இன்ன வீட்டுக் கல்யாணம், இத்தனை இலை, இவ்வளவு மிஞ்சியது என்ற கணக்குகள் பெரும்பாலும் அட்டையில்தான் இருக்கும். அளவு சரிதானா என்று பின்னால் சோதிக்கும்போது அந்த மிச்சக் கணக்கு உதவும்.

எது யாருடைய குறிப்பு?

ஒரே நோட்டில் இருப்பதெல்லாம் ஒரே ஆளுடையது என்று கொள்ள முடியாது. பக்கங்களைக் காலவரிசைப்படி பிரித்தால் இது வெளிப்படும். அதற்கான தடயங்கள் நோட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

முதல் தடயம் விலை. இந்தியாவில் அணாக் கணக்கு போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். ஒரு பக்கத்தில் மிளகாய் விலை அணாவில் இருந்தால், 1970-களில் வேலைக்கு வந்தவர் அதைத் தன் அனுபவத்திலிருந்து எழுதியிருக்க வாய்ப்பில்லை. தனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்த தவசுப்பிள்ளையின் குறிப்பைப் பார்த்து நகலெடுத்திருப்பார். இரண்டாவது தடயம் அளவு. படி, வீசை, பலம் என்று போகும் பக்கங்களுக்கு நடுவே திடீரென ‘ஒரு கப்’, ‘இரண்டு டேபிள் ஸ்பூன்’ என்று வந்தால், அது பத்திரிகையிலிருந்தோ அச்சுப் புத்தகத்திலிருந்தோ எடுத்ததாக இருக்கலாம். ‘நால்வருக்குப் போதுமானது’ என்ற குறிப்பும் அப்படித்தான். நூறு இலைக்குச் சமைப்பவர் நாலு பேருக்குக் கணக்கு எழுதிவைப்பது அரிது.

மூன்றாவது தடயம் எழுத்து. தமிழ்நாடு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவரும் முன் லை, னை, ணை, ளை ஆகியவை எழுத்தோடு ஒட்டி மேலே வளைந்த கொம்புடன் எழுதப்பட்டன. ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனி வடிவம் இருந்தது. ஆனால் இதை வைத்து மட்டும் காலத்தைத் தீர்மானிக்க முடியாது. பழைய வடிவத்தில் எழுதப் பழகியவர்கள் பிற்காலத்திலும் அப்படியே எழுதினார்கள். ஒரே நோட்டில் இரண்டு விதக் கையெழுத்து தெரிந்தால், இரண்டு பேர் எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு இந்த வேறுபாடு பயன்படும்.

இந்தப் பிரிப்பு வேலைக்கு நடைமுறைப் பயன் உண்டு. மூத்தவரிடமிருந்து வந்ததை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லலாம். பத்திரிகையிலிருந்து எடுத்த பக்கங்களைப் புத்தகத்தில் சேர்க்காமல் விடலாம்.

படியும் வீசையும் கிராமாக மாறும் விதம்

மெட்ரிக் அளவுகள் இந்தியாவில் 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. ஆனால் சமையல்கட்டின் பேச்சிலும் குறிப்பிலும் பழைய அளவுகள் நீண்ட காலம் நிலைத்தன. எடை அளவுகளை மாற்றுவதில் அதிகச் சிரமமில்லை. ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது 1.4 கிலோ. சிக்கல் வருவது சேரில். சென்னை மாகாணத்துச் சேர் எட்டுப் பலம், அதாவது 280 கிராம். எண்பது தோலா கொண்ட சேரோ 933 கிராம். ஒன்றை மற்றதாக எடுத்துக்கொண்டால் அளவு மூன்று மடங்குக்கு மேல் பிசகும். நோட்டில் சேர் என்று வரும் இடங்களில், பக்கத்துப் பண்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எந்தச் சேர் என்று முடிவு செய்ய வேண்டும். நூறு இலைச் சாம்பாருக்குப் புளி மூன்று சேர் என்றால், சின்னச் சேரில் 840 கிராம் வருகிறது. அது பொருந்தும். பெரிய சேரில் வரும் 2.8 கிலோ புளியைப் போட்டால் அந்தச் சாம்பாரை வாயில் வைக்க முடியாது.

படி கன அளவு. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது பொதுவான கணக்கு. ஆனால் படி ஊருக்கு ஊர் சிறிதும் பெரிதுமாக இருந்தது. எனவே எங்கோ அச்சிட்ட பட்டியலைப் பார்த்து மாற்றுவதைவிட, வீட்டில் இருக்கும் படியையே அளந்துவிடுவது நம்பகமானது. படியைத் தராசில் வைத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி நிறுத்தால், தண்ணீரின் எடை கிராமில் எவ்வளவோ அவ்வளவு மில்லிலிட்டர் அதன் கொள்ளளவு. பிறகு ஒவ்வொரு தானியத்தையும் பருப்பையும் அதே படியில் போட்டு நிறுத்துப் பட்டியலிட வேண்டும். தலை வழித்து அளந்ததா, கும்பமாக அளந்ததா என்பதையும் கேட்டறிய வேண்டும். இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் வரும்.

பின்னங்களும் ஏமாற்றும். பழைய கணக்கு முறையில் கால் என்பதற்கு வகரம் போன்ற குறி உண்டு. ‘மிளகாய் வ வீசை’ என்றால் கால் வீசை மிளகாய், அதாவது 350 கிராம். இதை அறியாதவர் ‘வ’ என்பது வத்தலின் சுருக்கம் என்று நினைத்து, ஒரு முழு வீசை மிளகாய் என்று படித்துவிடக்கூடும். மாகாணி, வீசம் ஆகிய இரண்டும் பதினாறில் ஒரு பங்கு. அரைக்கால் எட்டில் ஒரு பங்கு. மேலே சொன்ன பண்டத்தையே திரும்பச் சொல்லும் இடத்தில் ‘மேற்படி’ என்பதற்கான ௸ என்ற குறி வரலாம்.

நூறு இலைச் சொதி ஐந்து பேருக்கு

அளவைக் கிராமாக மாற்றினாலே வேலை முடிந்துவிடாது. நூறு இலைக்கான குறிப்பை வீட்டுச் சமையலுக்குச் சுருக்கியாக வேண்டும். திருநெல்வேலிக் கல்யாணங்களில் மறுவீட்டு விருந்தில் பரிமாறும் சொதியைப் பார்ப்போம். தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்கறியும் சேர்ந்த குழம்பு அது. இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் அதற்குத் துணை. மாதிரி நோட்டில் அந்தப் பக்கம் இப்படி இருப்பதாகக் கொள்ளலாம்:

“சொதி, 100 இலை. தேங்காய் 36. பா.பருப்பு 1¾ படி. காய் 6 வீசை. ப.மிளகாய் வ வீசை. இஞ்சி 10 பலம். எலுமிச்சை 25. உப்பு பதம். மூணாம் பாலில் காய். தலைப்பால் கடைசி. இறக்கிப் புளிப்பு.”

ஐந்து பேருக்கு என்றால் எல்லாவற்றையும் இருபதால் வகுக்க வேண்டும். வீட்டுப் படியில் தலை வழித்த பாசிப்பருப்பு 1,150 கிராம் நிற்பதாக வைத்துக்கொண்டால், 1¾ படி ஏறக்குறைய இரண்டு கிலோ. ஐந்து பேருக்கு 100 கிராம். காய் ஆறு வீசை 8.4 கிலோ. இருபதில் ஒரு பங்கு 420 கிராம். கால் வீசை மிளகாயும் பத்துப் பலம் இஞ்சியும் தலா 350 கிராம் என்பதால், இரண்டிலும் 17 அல்லது 18 கிராம் வரும். எலுமிச்சை ஒன்றேகால். தேங்காய் 1.8 என்று வருகிறது. தேங்காய்க்குத் தேங்காய் அளவு மாறுவதால், எண்ணிக்கையாக எழுதாமல் துருவலின் எடையாக எழுதுவதே வாசகருக்கு உதவும். சாதாரண அளவுள்ள இரண்டு தேங்காயைத் துருவி நிறுத்து, அந்த எடையைக் குறித்துக்கொள்ளலாம்.

இதுவரை வெறும் கணக்கு. சமைக்கத் தொடங்கினால் கணக்கு பிசகும். ஒரே வடிவமுள்ள இரண்டு பாத்திரங்களில் ஒன்று மற்றதைவிட இருபது மடங்கு கொள்ளும் என்றால், அதன் மேற்பரப்பு ஏழு மடங்கு சொச்சம்தான் அதிகமாக இருக்கும். எனவே சிறிய பாத்திரத்தில், உள்ளிருக்கும் குழம்பின் அளவோடு ஒப்பிடும்போது, மேற்பரப்பு ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. அங்கே தண்ணீர் வேகமாகச் சுண்டும். அண்டாவுக்குச் சொன்ன அதே நேரம் கொதிக்கவிட்டால் வீட்டுச் சொதி கெட்டியாகிவிடும். ஆகவே மூன்றாம் பாலின் அளவைச் சற்றுக் கூட்ட வேண்டும், அல்லது காய் வேகும்போது மூடி போட வேண்டும்.

சூட்டிலும் இதே வேறுபாடு உண்டு. அண்டா அடுப்பிலிருந்து இறங்கிய பிறகும் நெடுநேரம் கொதிப்பின் சூட்டில் இருக்கும். அப்போது தலைப்பாலை ஊற்றினால் அந்தச் சூடே போதும். வீட்டுப் பாத்திரம் சீக்கிரம் ஆறிவிடும் என்பதால், தலைப்பால் ஊற்றியபின் சிறு தீயில் வைத்து, ஓரத்தில் நுரை கூடும் நேரத்தில் இறக்க வேண்டும். கொதிக்கவிட்டால் பால் திரியும். எண்ணெய் பிரிந்து மேலே மிதப்பதும் பால் திப்பிதிப்பியாகத் தெரிவதும் அதன் அடையாளம். அடுப்பில் இருக்கும்போதே எலுமிச்சை பிழிந்தாலும் இதேதான் நடக்கும். “இறக்கிப் புளிப்பு” என்று தந்தை இரண்டே சொல்லில் எழுதியதன் காரணம் இது. வாசகருக்கான குறிப்பில் அந்த இரண்டு சொல் இரண்டு வாக்கியமாக விரிய வேண்டும்.

ஒரு பண்டத்தைக் குறைந்தது மூன்று முறை செய்து பார்ப்பது நல்லது. முதல் முறை நோட்டில் உள்ளபடி, எதையும் மாற்றாமல். இரண்டாம் முறை பிசகைத் திருத்தி. மூன்றாம் முறை சமையலில் அதிகப் பழக்கமில்லாத வேறொருவர், எழுதிய குறிப்பை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும். மகன் பக்கத்தில் நின்று வாய்திறக்கக் கூடாது. அவர் எந்த இடத்தில் தயங்கிக் கேள்வி கேட்கிறாரோ, அந்த இடத்தில் குறிப்பு போதவில்லை என்று பொருள்.

எழுதாமல் விட்டவை

‘உப்பு பதம்’, ‘பாகு பதம்’, ‘வாசம் வர’ என்பவை நோட்டில் அடிக்கடி வரும். இவற்றுக்கான விளக்கம் தாளில் இல்லை, கூட வேலை செய்தவர்களிடம் இருக்கிறது. தவசுப்பிள்ளையோடு நின்ற கையாட்கள், மளிகைச் சாமான் போட்ட கடைக்காரர், வீட்டில் அதே பண்டத்தைச் செய்த தாயார் ஆகியோரிடம் கேட்டறிய வேண்டும். பொதுவாக “சொதி எப்படிச் செய்வார்?” என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். சமைத்துக்கொண்டே கேட்டால் நுணுக்கம் வெளிவரும்.

“அண்ணாச்சி, அப்பா இந்த எடத்துல உப்பு போடுவாவளா?”

“இப்பப் போட்டா பருப்பு வேகாதுல்லா தம்பி. காய் முக்கால் வேக்காடு ஆனப்புறம்தான் அண்ணன் கை வைப்பாவ.”

இப்படி ஒரு பதில் கிடைத்தால், அதை எழுதிக்கொள்வதோடு சோதித்தும் பார்க்க வேண்டும். சமையல்கட்டுப் பழக்கங்களில் சில காரணத்தோடு வந்தவை, சில வழக்கத்தால் வந்தவை. முன்னதாக உப்புப் போட்டும் ஒரு முறை செய்து பார்த்தால் எந்த வகை என்று தெரியும்.

பாகுக்கும் இதே முறைதான். ‘பாகு பதம்’ என்று பொதுவாக எழுதிய இடத்தில் கம்பிப் பதமா, உருட்டுப் பதமா என்று பண்டத்தை வைத்துத் தெளிய வேண்டும். இரு விரலுக்கு நடுவே தொட்டு இழுத்தால் அறாமல் நூல்போல வருவது கம்பிப் பதம். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுத் திரட்டினால் விரலில் மெத்தென்று உருண்டு நிற்பது உருட்டுப் பதம். அதிரசத்துக்குக் கம்பிப் பதத்திலேயே பாகை இறக்கினால் மாவு இளகி, எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோகும். அதிகமாக முற்றிவிட்டால் அதிரசம் கல்லாகும். இந்த அடையாளங்களையும் புத்தகம் சொல்ல வேண்டும்.

தந்தையின் வரியும் மகனின் வரியும்

இவ்வளவும் சேர்ந்தபின், தொகுப்பவர் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். நோட்டை உள்ளபடியே அச்சிட்டால் அது ஆவணமாக இருக்கும், ஆனால் அதை வைத்துச் சமைக்க முடியாது. எல்லாவற்றையும் திருத்தி எழுதினால் சமைக்கலாம், ஆனால் அது தந்தையின் நோட்டாக இருக்காது. இரண்டையும் பிரித்து அருகருகே வைப்பதே சிக்கலில்லாத வழி. இடப்பக்கத்தில் நோட்டின் வரிகள், சுருக்கங்களும் வட்டார வழக்கும் பிழையும் மாறாமல். வலப்பக்கத்தில் ஐந்து பேருக்கான, சோதித்த செய்முறை. மகன் சேர்த்த அளவு, கையாள் சொன்ன விவரம், மாற்றிய இடம் ஆகியவை வலப்பக்கத்தில் மட்டும் வரும், இன்னார் சொன்னது என்ற குறிப்போடு. படிக்க முடியாத சொல்லை ஊகித்து நிரப்பக் கூடாது. அந்த இடத்தில் சதுர அடைப்புக்குள் ‘தெளிவில்லை’ என்று போட வேண்டும். நோட்டின் அளவே தவறு என்று சோதனையில் தெரிந்தாலும் இடப்பக்கத்தைத் திருத்தாமல், வலப்பக்கத்தில் காரணத்தோடு சொல்ல வேண்டும்.

உரிமை யாருக்கு?

நோட்டைக் கண்டெடுத்தவருக்கே அதன் பதிப்புரிமை சொந்தம் என்பது தவறான எண்ணம். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரின் உரிமை அவருக்குப்பின் வாரிசுகளுக்குப் போகிறது. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்து, 1956-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் தாய் ஆகியோருக்குச் சமமாகச் சேரும். மற்ற சமயத்தாருக்கு அவரவர்க்குரிய சட்டம் பொருந்தும். எனவே அம்மாவிடமும் உடன்பிறந்தவர்களிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே பதிப்பாளரோடு ஒப்பந்தம் போட வேண்டும். ராயல்டி எப்படிப் பிரியும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடலாம்.

சட்டம் காப்பது எழுதிய வார்த்தைகளை. பண்டத்தைச் செய்யும் முறையை அல்ல. சொதி செய்யும் விதத்துக்கு யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது. ஆனால் பத்திரிகையிலிருந்து வரிக்கு வரி நகலெடுத்த பக்கம் அந்த எழுத்தாளருக்கோ பத்திரிகைக்கோ உரியது. எழுத்தாளர் உயிரோடு இருந்தபோது வெளியான படைப்புக்கு, அவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை நீடிக்கிறது. எழுதியவர் இறந்தபின் முதன்முதலில் வெளியாகும் படைப்புக்கு, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு கணக்காகும். தந்தையின் நோட்டு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

அச்சும் அதன் பிறகும்

உறவினருக்கு மட்டும் என்றால் ஐம்பது பிரதிகளை டிஜிட்டல் முறையில் அச்சிட்டுக்கொள்ளலாம். கடைக்குப் போக வேண்டுமானால் பதிப்பகம் வழியாகவோ சொந்தச் செலவிலோ கூடுதல் பிரதிகள் போட வேண்டும். ஆப்செட் அச்சில் பக்கங்கள் பதினாறு பதினாறாக, ஒரு ஃபாரமாக அமையும். அறுபது பண்டம், பண்டத்துக்கு இரண்டு பக்கம் என்றால் 120. முன்னுரை, அளவுப் பட்டியல், பொருளடக்கம், நோட்டின் வண்ணப் படங்கள் எல்லாவற்றுக்குமாக 24. மொத்தம் 144 பக்கம், சரியாக ஒன்பது ஃபாரம். நூற்று நாற்பத்தைந்தாவது பக்கம் ஒன்று கூடினால் அதற்காக இன்னொரு ஃபாரம் போட வேண்டிவரும் என்பதால், பக்கக் கணக்கைத் தட்டச்சுக்கு முன்பே தீர்மானிப்பது நல்லது.

கடைகளும் நூலகங்களும் எதிர்பார்க்கும் ஐ.எஸ்.பி.என். என்ற பதின்மூன்று இலக்க எண்ணை, ராஜா ராம்மோகன் ராய் தேசிய நிறுவனம் கட்டணமின்றி வழங்குகிறது. சொந்தமாக வெளியிடும் தனிநபரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். நூல் வெளியான 30 நாளுக்குள் பிரதிகளை வெளியீட்டாளர் தன் செலவில் நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம். கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா பொது நூலகம் ஆகியவை அந்த நூலகங்களில் அடங்கும். அச்சுப் பிரதிகள் அங்கே போனபின், மூல நோட்டையும் அதன் ஸ்கேன் கோப்புகளையும் குடும்பத்தில் யார் வைத்திருப்பது என்பதையும் ஒப்புதல் கடிதத்தோடு சேர்த்து எழுதி வைத்துவிடலாம். அடுத்த பதிப்பில் ஏதாவது ஓர் அளவு சந்தேகத்துக்கு உள்ளானால், அச்சுப் புத்தகத்தை நம்பாமல் மூல நோட்டை எடுத்துத்தான் சரிபார்க்க வேண்டியிருக்கும்.